ஒரு பாட்டில் சிரப், பன்னிரண்டு கிலோ எடை, எட்டு மணி நேரம்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். வீட்டில் நானும் மூன்றரை வயது மகளும் மட்டும்தான். போன டிசம்பரில் அவள் ஒரு பாட்டில் காய்ச்சல் சிரப்பைக் குடித்துவிட்டாள். அன்று சாயங்காலத்திலிருந்து மறுநாள் ராத்திரி வரை நடந்ததை எழுதி வைக்கிறேன். அந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. தேடிப் பார்க்கவும் மலையில் சிக்னல் இல்லை.

முதல் நாள் ராத்திரியே அவளுக்குக் காய்ச்சல். காலையில் கடையில் பாராசிட்டமால் சிரப் வாங்கினேன், 60 மில்லி பாட்டில். காலை எட்டு மணிக்கு 4 மில்லி, மதியம் ஒரு மணிக்கு 4 மில்லி கொடுத்தேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. பாட்டிலை டி.வி. ஸ்டாண்டின் மேல் வைத்தேன். மூடியை ஒழுங்காகத் திருகினேனா என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மூன்றே முக்கால் வாக்கில் கணவர் போன் செய்தார். நாலு நாள் கழித்துப் பேசுகிறோம், வீட்டுச் சண்டையெல்லாம் பேச வேண்டியிருந்தது. வெளித் திண்ணையில்தான் சிக்னல் கிடைக்கும். பேசி முடித்து உள்ளே வந்தால் அவள் பாயில் உட்கார்ந்து பாட்டிலைக் கவிழ்த்து நக்கிக்கொண்டிருக்கிறாள். வாயெல்லாம் பிசுபிசு. "ஸ்ட்ராபெர்ரி" என்று சிரித்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான், முதுகில் ஒரு அடி வைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் உப்பைக் கரைத்துக் கொண்டு வந்து, "குடிக்க வை கண்ணு, வாந்தி எடுத்தா வெளிய வந்துரும்" என்றார். நாலு வாய் குடிக்க வைத்தேன். அவள் துப்பினாள், இருமினாள், வாந்தி வரவில்லை. பின்னால் டாக்டர் இதைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். உப்புத் தண்ணீரில் சின்னக் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும், அதுவே வலிப்பு வர வைக்கும். வாந்தி எடுக்கும்போது புரையேறி நுரையீரலுக்குப் போனால் அது இன்னொரு ஆபத்து. விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் அப்படித்தான். என் மகள் துப்பியது என் அதிர்ஷ்டம்.

தோட்டத்து ஆள் ஒருவரின் பைக்கில் ஏற்காடு டவுனுக்கு வந்து ஒரு கிளினிக்கில் காட்டினேன். மணி ஐந்து. அங்கே அவள் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்து விளையாடினாள். "சிரப்தானேம்மா, குழந்தை நல்லாத்தானே இருக்கு, நிறைய தண்ணி கொடுங்க" என்று சொல்லி 300 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எத்தனை மில்லி, என்ன எடை, எத்தனை மணி என்று மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எனக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. குழந்தை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதானே அங்கே போனேன்.

நல்ல வேளை, வீடு திரும்பும் வழியில் சிரப் வாங்கிய மருந்துக்கடையில் நின்றேன். இன்னொரு பாட்டில் வாங்கத்தான் நின்றேன், ராத்திரி காய்ச்சல் வந்தால் வேண்டுமே என்று! கடைக்கார அண்ணன் காலி பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, இது 250 ஆச்சே. 125ன்னு நெனச்சிட்டாங்களா அங்க?" என்றார். எனக்கு அது புரியவே இல்லை. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லிக்கு 100 மில்லிகிராம்கூட இருக்கும். பாட்டில் பார்க்க ஒரே மாதிரி, நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். "பாதி பாட்டில் குடிச்சா" என்று சொல்வதில் ஒரு தகவலும் இல்லை. லேபிளில் அந்தச் சின்ன எழுத்தில் இருப்பதுதான் தகவல். அவர் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டார், போட்டதை என்னிடம் காட்டவில்லை. "கீழ இறங்கிருங்க. இப்பவே. பாட்டிலைத் தூக்கிப் போட்டுராதீங்க, மிச்சம் இருக்கறதையும் கொட்டிராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

தெரிந்த ஜீப்காரர் 2,500 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். ஆறு மணி தாண்டிவிட்டது, பனி இறங்கிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் இறங்கினோம். பாதி வழியில் அவள் என் மடியில் வாந்தி எடுத்தாள், இளஞ்சிவப்பாக. அப்பாடா, மருந்து வெளியே வந்துவிட்டது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். தவறு. சிரப் தண்ணீர் மாதிரி, மாத்திரையைவிட வேகமாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்து வாந்தியில் வருவது என்ன அளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் டாக்டர்கள் அதைக் கணக்கிலிருந்து கழிக்கவே மாட்டார்கள். பாயில் கொட்டியதையும் கழிக்க மாட்டார்கள். பாட்டிலில் காணாமல் போனது எல்லாம் குழந்தையின் வயிற்றுக்குள் போனது என்றுதான் வைத்துக்கொள்வார்கள்.

ஏழரை மணிக்கு சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். ரத்தம் எடுத்து கல்லீரல் பரிசோதனை செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது, எல்லாம் நார்மல். "பயப்பட ஒண்ணும் இல்ல, நாளைக்கு வந்து காட்டுங்க" என்றார்கள். பில் 4,600 ரூபாய். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துவிடுவோம் என்று நினைக்கிறேன், நானும் பையைத் தூக்கிவிட்டேன். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுப்பது மெதுவாக. முதல் நாள் குழந்தை கொஞ்சம் வாந்தி எடுக்கும், சோர்ந்திருக்கும், இல்லை என் மகளைப் போல ஓடி விளையாடும். கல்லீரல் எண்கள் ஏறத் தொடங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வலது பக்க வயிற்று வலி, கண் மஞ்சள், மயக்கம் எல்லாம் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் விஷயம். நாலு மணி நேரத்தில் எடுத்த கல்லீரல் பரிசோதனை நார்மலாகத்தான் இருக்கும், விஷம் ஏறியிருந்தாலும் நார்மல்தான். அப்போது பார்க்க வேண்டியது கல்லீரலை அல்ல, ரத்தத்தில் பாராசிட்டமால் எவ்வளவு இருக்கிறது என்பதை. அங்கே ராத்திரி டூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டர் ஒருவர் லிஃப்ட் வரைக்கும் கூட வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, வீட்டுக்குப் போகாதீங்க. நேரா பெரியாஸ்பத்திரி போங்க. பாட்டிலைக் காட்டுங்க" என்றார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் எங்களைப் பார்த்தபோது மணி 9:05. அங்கே இருந்த பெண் டாக்டர் நாடி பார்ப்பதற்கு முன்பே மூன்று கேள்வி கேட்டார். எந்தப் பாட்டில்? என்ன எடை? எத்தனை மணிக்கு?

பாட்டிலைக் கொடுத்தேன். சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தார், 4 மில்லி மிச்சம். 60இல் நான் கொடுத்தது 8, மிச்சம் 4, ஆக 48 மில்லியைக் காணோம். 5 மில்லிக்கு 250 என்றால் ஒரு மில்லிக்கு 50. 48ஐ 50ஆல் பெருக்கினால் 2,400 மில்லிகிராம். எடை என்ன என்றார். பதினாலு கிலோ என்றேன், பட்டென்று. நவம்பரில் அங்கன்வாடியில் நிறுத்தியது அவ்வளவுதான். டாக்டர் நம்பவில்லை. சட்டையைக் கழற்றி அங்கேயே நிறுத்தினார். சரியாக 12. அங்கன்வாடியில் ஸ்வெட்டர், குல்லா, ஷூவோடு நிறுத்தியிருப்பார்கள், நவம்பர் மலைக் குளிரில் வேறு எப்படி நிறுத்துவார்கள். அதோடு இடையில் இரண்டு தடவை காய்ச்சல் வேறு. இந்த இரண்டு கிலோ வித்தியாசம் சும்மா இல்லை. 2,400ஐ 14ஆல் வகுத்தால் கிலோவுக்கு 171 மில்லிகிராம். 12ஆல் வகுத்தால் 200. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒரே தடவையில் குடித்திருந்தால் கிலோவுக்கு 200ஐத் தொட்டதும் ஆபத்து எல்லை என்று வைத்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் 150. என் வாயிலிருந்து வந்த எடையை அவர் எழுதியிருந்தால் கணக்கு எல்லைக்கு உள்ளே நின்றிருக்கும். பின்னால் ஏற்றப் போகும் மருந்தின் அளவும் எடையை வைத்துத்தான் என்பதால் அதுவும் தப்பாகியிருக்கும். காலையிலும் மதியமும் நான் கொடுத்த 8 மில்லியையும் அவர் தனியாகக் குறித்துக்கொண்டார். அதை மறைக்காதீர்கள், அதுவும் உடம்பில்தான் இருக்கிறது.

அடுத்தது நேரம். "நாலே கால் இருக்கும் மேடம்" என்றேன். "அது நீங்க பார்த்த நேரம். கடைசியா பாட்டில் நிறைஞ்சு இருந்ததைப் பார்த்தது எப்போ?" என்றார். போனை எடுத்துப் பார்த்தேன். கணவரின் அழைப்பு 3:42க்கு, பேசியது 36 நிமிடம். அந்த 36 என்ற எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. டாக்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பேப்பரில் இரண்டு நேரத்தையும் எழுதி, கீழே கோடு போட்டார். ஒன்று 3:42, மற்றது 4:18. ஏன் இரண்டும் என்று அப்புறம் நிதானமான நேரத்தில் கேட்டேன். ரத்தத்தில் பாராசிட்டமால் அளவைக் குடித்து நாலு மணி நேரம் ஆகும் முன்னால் பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை, மருந்து இன்னும் வயிற்றிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும். அதனால் ரத்தம் எடுக்கும் நேரத்துக்குக் கடைசி நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 4:18க்குத்தான் குடித்தாள் என்றாலும் நாலு மணி நேரம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வந்த எண் ஆபத்தா இல்லையா என்று பார்க்கும்போது முந்தைய நேரத்தை எடுக்க வேண்டும். அதற்கு ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். நாலு மணி நேரத்தில் ஒரு மில்லி ரத்தத்துக்கு 150 மைக்ரோகிராம் என்று தொடங்கி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போகும் ஒரு கோடு. எட்டு மணி நேரத்தில் 75, பன்னிரண்டில் 37 சொச்சம். நேரம் ஆக ஆக எல்லை இறங்குகிறது. அதனால் குறைவான நேரம் சொன்னால் எல்லை உயரமாகத் தெரியும், ஆபத்தான எண்ணும் பத்திரமானதாகத் தோன்றும். ஒரே ரத்தம், ஒரே எண், அம்மா சொல்லும் நேரத்தில் அரை மணி பிசகினால் முடிவே மாறிவிடும். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டது என்றால் முதலில் போனில் மணியைப் பாருங்கள். அப்புறம் கடைசியாக நன்றாகப் பார்த்த நேரம் எது என்று யோசித்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரத்தம் 9:10க்கு எடுத்தார்கள். ஆனால் அந்தப் பரிசோதனை ராத்திரி நடக்காது, வெளி லேபுக்குப் போய் வர வேண்டும். "அதுக்காகக் காத்திருக்கப் போறதில்லை" என்றார் டாக்டர். எட்டு மணி நேரத்துக்குள் விஷமுறிவு மருந்தைத் தொடங்கிவிட்டால் கல்லீரல் கெடாமல் ஏறக்குறைய எல்லோரையுமே காப்பாற்றிவிடலாம், அது தாண்டினால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பலன் குறைந்துகொண்டே போகும். 3:42லிருந்து எட்டு மணி நேரம் என்றால் 11:42. ரிசல்ட் அதற்குள் வராது என்றால், மில்லிகிராம் கணக்கை வைத்தே தொடங்கிவிட வேண்டும், தேவையில்லை என்று பின்னால் தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். எட்டு தாண்டிவிட்டால் விட்டுவிடுவீர்களா என்றேன். இல்லை, அப்போதும் கொடுப்போம், தாமதமானாலும் கொடுக்காமல் இருப்பதைவிட நல்லது என்றார். கரி மருந்து என்று ஒன்று இருக்கிறது, வயிற்றிலேயே விஷத்தைப் பிடித்துக்கொள்ளும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பார்களாம். அந்த இரண்டு மணி நேரத்தை நான் கிளினிக்கிலும் ஏற்காட்டு ரோட்டிலும் கழித்துவிட்டேன்.

எட்டு மணி நேரம் என்பது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கியது எங்கள் தோட்டத்தை வைத்துத்தான். காபிப் பழத்தைப் பல்ப்பரில் அரைத்தால் நாற்றமெடுத்த கழிவுத் தண்ணீர் வரும். அதற்கென்று ஒரு தொட்டி. தினமும் வருகிற அளவுக்குத் தொட்டி போதும். ஒரே நாளில் பத்து நாள் பழத்தைக் கொட்டி அரைத்தால் தொட்டி நிரம்பி ஓடையில் கலந்துவிடும். கல்லீரல் பாராசிட்டமாலைப் பிரிக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு விஷமாக மாறுகிறது. அதை முறிக்க குளூட்டாதயோன் என்று ஒரு பொருள் கல்லீரலிலேயே இருக்கிறது. அளவான மருந்துக்கு அது போதும். அளவு மீறினால் இருப்பு கரைந்து, அதற்கு மேல் வரும் விஷம் கல்லீரலையே தின்னத் தொடங்குகிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற அந்த விஷமுறிவு மருந்து செய்வது அந்த இருப்பைத் திரும்ப நிரப்புவது. தொட்டி நிரம்பி வழிவதற்கு முன்னால் போட வேண்டும், அவ்வளவுதான்.

9:40க்கு மருந்து ஏறத் தொடங்கியது. ஆம்ப்யூலை உடைத்ததும் அழுகின முட்டை வாசம் வார்டெல்லாம் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, மருந்து கெட்டுப்போய்விட்டதோ என்று. அதன் வாசமே அதுதான் என்றார் சிஸ்டர். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஆயா, "எலி பேஸ்ட் சாப்பிட்டவங்களுக்குப் போடுற மருந்துங்க இது" என்று வேறு சொல்லி என் வயிற்றைக் கலக்கினார். சளி கரைய வைக்கவும் இதே மருந்து மாத்திரையாகக் கடையில் கிடைக்கிறது. அதைக் கரைத்துக் கொடுத்து வீட்டிலேயே சமாளிக்கலாம் என்று தயவுசெய்து யாரும் நினைக்காதீர்கள், அளவும் நேரமும் வேறு கணக்கு.

இந்த மருந்து ஒரே பாட்டிலாகப் போவதில்லை, மூன்று தவணை. மூன்றுக்கும் அளவு வேறு, வேகம் வேறு. தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான் என்று டாக்டரே சொன்னார். அதனால் அவர் போட்ட கணக்கை இன்னொரு டாக்டரைத் தனியாகப் போடச் சொல்லி ஒப்பிட்டார்கள். முதல் தவணை கிலோவுக்கு 150 மில்லிகிராம், ஒரு மணி நேரத்தில். 12 கிலோவுக்கு 1,800 மில்லிகிராம். மருந்து ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் இருப்பதால் 9 மில்லி. இரண்டாவது கிலோவுக்கு 50, நாலு மணி நேரத்தில். 600 மில்லிகிராம், அதாவது 3 மில்லி. மூன்றாவது கிலோவுக்கு 100, பதினாறு மணி நேரத்தில். 1,200 மில்லிகிராம், 6 மில்லி. மொத்தம் 18 மில்லி, இருபத்தொரு மணி நேரம். அங்கே இருந்தது 2 மில்லி ஆம்ப்யூல், கணக்காக ஒன்பது. நான் பழக்க தோஷத்தில் உடைத்த ஆம்ப்யூல்களை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மருந்தைவிட அதைக் கலக்கும் தண்ணீர்தான் குழந்தைக்கு முக்கியம் என்பது எனக்குப் புதுச் செய்தி. பெரியவர்களுக்கு மூன்று தவணையையும் 200, 500, 1,000 மில்லி குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து ஏற்றுவார்களாம், மொத்தம் 1,700 மில்லி. அதையே 12 கிலோ குழந்தைக்கு ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கி வலிப்பு வரலாம். இருபது கிலோ வரை உள்ள குழந்தைக்குத் தண்ணீரும் எடைக் கணக்குதான். முதல் தவணைக்குக் கிலோவுக்கு 3 மில்லி, அடுத்ததற்கு 7, கடைசிக்கு 14. என் மகளுக்கு 36, 84, 168. மூன்றும் சேர்ந்து 288 மில்லி, ஒரு பெரிய டம்ளரும் கொஞ்சமும்தான். சொட்டு எண்ணி விடாமல் சிரிஞ்ச் பம்ப் வைத்தார்கள். கட்டில் பக்கத்தில் பெரிய ட்ரிப் பாட்டிலை யாராவது தொங்கவிட்டால், இது எந்த எடைக்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் தவணை ஓடி இருபத்தைந்து நிமிடம் இருக்கும். அவள் கழுத்தைச் சொறிந்தாள். பார்த்தால் முகமும் நெஞ்சும் செக்கச் செவேலென்று, தோளில் தடிப்புத் தடிப்பாக. நான் கத்தினேன், "நிறுத்துங்க, அலர்ஜி, இந்த மருந்தே வேண்டாம்" என்று. சிஸ்டர் ஓடி வந்து பம்பை நிறுத்தினார். டாக்டர் மார்பில் வீசிங் இருக்கிறதா என்று கேட்டார், ரத்த அழுத்தம் பார்த்தார், அரிப்புக்கு ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் தடிப்பு வாடியது. உடனே மறுபடியும் அதே மருந்தைத் தொடங்கப் போனார். எனக்கு அவரைத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. அவர் பம்பில் கை வைத்துக்கொண்டே விளக்கினார். இது பார்க்க அலர்ஜி மாதிரி இருந்தாலும் அலர்ஜி இல்லை, முதல் தவணை வேகமாக ஏறும்போது உடம்பு ஹிஸ்டமைனை வெளியே விடுவதால் வருவது. நிறுத்தி, அடங்கியதும் வேகத்தைக் குறைத்துத் தொடங்கினால் பெரும்பாலும் திரும்ப வராது. இதற்குப் பயந்து மருந்தையே விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இது கடுமையாக வரலாம், அதனால் வீசிங் இருந்த குழந்தை என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். மூச்சுத் திணறலோ ரத்த அழுத்தம் இறங்குவதோ இருந்திருந்தால் வைத்தியம் வேறு மாதிரி போயிருக்கும். மெதுவாக ஓடவிட்டார்கள், திரும்ப வரவில்லை. முதல் தவணை முடிய பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது.

மறுநாள் முழுக்க ஒரு வேலையும் இல்லை. ட்ரிப்ஸ் கையோடு மூன்றரை வயதுக் குழந்தையைக் கட்டிலில் உட்கார வைப்பதுதான் வேலை. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஊசி மருந்தாக ஏறுவதால் வாந்தியில் போவது ஒன்றும் இல்லை என்றார்கள். வாய் வழியாகக் கொடுக்கும் முறையும் உண்டு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூன்று நாள். அந்த வாசத்தில் குழந்தை பாதியைத் துப்பிவிடும், துப்பினால் திரும்பக் கொடுக்க வேண்டும். கணவர் நாக்பூர் பக்கத்திலிருந்து மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டார். நான் இரண்டு தடவைதான் எடுத்தேன், போனைக் காதில் வைத்தாலே எனக்கு அந்த 36 நிமிடம் ஞாபகம் வந்தது.

மூன்றாவது தவணை ராத்திரி எட்டு மணி வாக்கில் முடியும் முன்னால் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை கல்லீரல் எண்ணுக்கு அர்த்தம் இருந்தது, குடித்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டதால். அதோடு ரத்தம் உறையும் நேரத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்தார்கள். இருபத்தொரு மணி நேரம் முடிந்ததும் பம்ப் தானாக நின்றுவிடக் கூடாது, இந்த எண்கள் சரியாக இருந்தால்தான் நிறுத்த வேண்டும். ஏறியிருந்தால் மூன்றாவது தவணையையே திரும்பத் திரும்பத் தொடர்வார்கள். எங்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. இன்னொரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

வெளி லேபில் கொடுத்த ரிசல்ட் மூன்றாம் நாள்தான் வந்தது. 70. முந்தைய நேரத்தை வைத்துப் பார்த்தால் ரத்தம் எடுத்தது ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்த இடத்தில் கோடு ஏறக்குறைய 116. அதாவது கோட்டுக்கு நன்றாகவே கீழே. எனக்கு என்ன உணர்வு வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அப்படியென்றால் அந்தத் தடிப்பு, அந்த ராத்திரி, ஒன்பது ஆம்ப்யூல் எல்லாம் தேவையே இல்லையா என்று டாக்டரிடம் சண்டை போடுகிற மாதிரியே கேட்டேன். சின்னக் குழந்தைகளின் உடம்பு பாராசிட்டமாலைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், பாதி பாயில் கொட்டியிருக்கலாம், வாந்தியில் கொஞ்சம் போயிருக்கலாம் என்றார். "அன்னைக்கு ராத்திரியே இந்த நம்பர் கையில இருந்திருந்தா மருந்தே போட்டிருக்க மாட்டேன். இல்ல. 200ன்னு ஒரு கணக்கும் 11:42ன்னு ஒரு நேரமும்தான் இருந்துச்சு. திரும்ப அதே நெலமை வந்தா திரும்பவும் போடுவேன்" என்றார். அன்றைக்கு எனக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. இப்போது இருக்கிறது. ஆனால் ஒன்று, பாராசிட்டமால் அளவு பார்க்கும் பரிசோதனை ராத்திரியில் எங்கே சீக்கிரம் கிடைக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் ஒரு நாளும் ஒரு ஊசியும் மிச்சமாகியிருக்கும். சேலத்தில் இருப்பவர்கள் உங்கள் குழந்தை டாக்டரிடம் ஒரு தடவை இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு என்று பார்த்தால் கிளினிக் 300, ஜீப் 2,500, தனியார் மருத்துவமனை 4,600, திரும்ப வர பஸ், சாப்பாடு, லேப் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். நான்கு நாள் சம்பளம் போனது. சிகிச்சை நடந்த இடத்தில் மருந்துக்கு ஒரு பைசா வாங்கவில்லை. காசெல்லாம் போனது சிகிச்சை நடக்காத இடங்களில்தான். 108ஐக் கூப்பிட்டிருந்தால் நேராக அங்கேயே கொண்டுபோயிருப்பார்கள். குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்போது ஆம்புலன்ஸ் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது.

மருந்துப் பெட்டி இப்போது பரணில் இருக்கிறது, ஸ்டூல் போட்டால்தான் எனக்கே எட்டும். 250 சிரப் வீட்டில் வைப்பதில்லை, 125தான். மாதம் ஒரு தடவை தோட்டத்து ஸ்டோரில் காபி மூட்டை நிறுக்கிற தராசில் அவளை ஸ்வெட்டர் இல்லாமல் நிறுத்தி, அடுப்பங்கரைச் சுவரில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். கடைசியாக எழுதியது 12.9.